கார்ட்டனில் வாங்கி, பெட்டியில் வைத்து, பீஸாகக் கொடுக்கும் சரக்கு: அலகு மாற்றத்தைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி?

இருப்புப் புத்தகத்தில் "கையுறை, 2 பெட்டி" என்று ஒரு வரி இருக்கிறது. கொழும்பிலிருந்து லொறியில் வந்த பெரிய அட்டைப்பெட்டி இரண்டா? அதற்குள் இருக்கும் சின்னப் பெட்டி இரண்டா? முதலாவது என்றால் 2,000 கையுறை, இரண்டாவது என்றால் 200. எழுதியவருக்கு அன்றைக்குத் தெரியும். மூன்று மாதம் கழித்து அவருக்கே தெரியாது.

மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோர்களில் அடிக்கடி காணும் குழப்பம் இது. பெரியதையும் சின்னதையும் நாம் "பெட்டி" என்றே சொல்கிறோம். ஒரே சரக்கை ஒரு அலகில் வாங்கி, இன்னொரு அலகில் தட்டில் அடுக்கி, மூன்றாவது அலகில் கொடுக்கும்போது, இருப்பு எந்த அலகில் எழுதப்படுகிறது என்பதை முதலிலேயே முடிவுசெய்யாவிட்டால், பிறகு எந்தக் கணக்கும் பொருந்தாது.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சரக்கைத் தொடக்கம் முதல் கடைசிவரை பின்தொடர்வோம். அட்டன் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பொதியிடும் பிரிவுக்குக் கொடுக்கும் லேட்டக்ஸ் கையுறை, எம் அளவு. கணக்கு விளங்குவதற்காக விலைகளையும் பாவனை அளவையும் முழு எண்களாக வைத்துக்கொள்கிறோம். முகமூடிக்கும் தலைத்தொப்பிக்கும் டோர்ச் பற்றரிக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

## முதல் படி: இருப்பு எப்போதும் மிகச் சிறிய அலகில்

கொடுப்பது பீஸில் என்றால் இருப்பும் பீஸில்தான் இருக்க வேண்டும். கார்ட்டனும் பெட்டியும் வாங்கவும் அடுக்கவும் பேசவும் பயன்படும் சொற்கள். புத்தகத்தில் மீதி என்ற நிரலில் அவை வரக்கூடாது.

காரணம் எளிது. இருப்பைப் பெட்டியில் எழுதினால், 64 பீஸ் கொடுத்த அன்று 0.64 பெட்டி என்று கழிக்க வேண்டும். பெட்டி 100 ஆக இருக்கும்வரை அதுவும் ஓடும். எக்ஸ்எல் அளவுக் கையுறையைப் பல உற்பத்தியாளர்கள் பெட்டிக்கு 90 என்றே அடைக்கிறார்கள். அங்கே 64 பீஸ் என்பது 0.7111… பெட்டி. இரண்டு தசமத்தோடு வெட்டினால் தினமும் ஒரு துளி மிஞ்சும், மாதக் கடைசியில் யாராலும் விளக்க முடியாத ஒரு மீதி நிற்கும். பீஸில் எழுதினால் எல்லாம் முழு எண்.

அடுத்த கேள்வி: பீஸா, சோடியா? நம் கையுறை பரிசோதனைக் கையுறை வகை. அதற்கு இடது வலது கிடையாது, எந்தக் கைக்கும் பொருந்தும். வேலை நடுவே ஒன்று கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம். பெட்டியின் மேலும் 100 சோடி என்று இல்லாமல் 100 பீஸ் என்றே இருக்கும். அதனால் இந்தச் சரக்குக்குப் பீஸ்தான் சரி. அறுவைச் சிகிச்சைக் கையுறை அப்படியல்ல. இடது வலது வேறுவேறாக, சோடி சோடியாக உறையிட்டு வரும். அதற்குச் சோடியே மிகச் சிறிய அலகு. ஒரு சரக்குக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின், அந்தச் சொல்லைச் சரக்குத் தட்டில் வைக்கும் இருப்பு அட்டையின், அதாவது பின் கார்ட்டின், தலைப்பிலேயே "மீதி: பீஸ்" என்று எழுதிவிடுங்கள்.

## இரண்டாம் படி: பொதியின் அளவை அட்டையைப் பார்த்து எழுதுதல்

கார்ட்டனின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும்: ஒரு பெட்டிக்கு எத்தனை பீஸ், ஒரு கார்ட்டனுக்கு எத்தனை பெட்டி. நம் கையுறையில் 100 பீஸ், 10 பெட்டி. ஆக ஒரு கார்ட்டன் 1,000 பீஸ். இதை விற்பனையாளரின் விலைப்பட்டியலைப் பார்த்தோ போன தடவைக் கணக்கைப் பார்த்தோ எழுதக்கூடாது. வந்திறங்கிய கார்ட்டனைப் பார்த்தே எழுத வேண்டும்.

சில பெட்டிகளில் "எடைப்படி 100" என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொன்றாக எண்ணாமல் நிறுத்து அடைத்தது என்று அர்த்தம். அத்தகைய பெட்டியைத் திறந்து எண்ணினால் ஒன்றிரண்டு கூடும், ஒன்றிரண்டு குறையும். இதற்காக மனம் கலங்கத் தேவையில்லை. 100 என்றே பதிந்து, பெட்டி தீரும் அன்று வித்தியாசத்தை ஒரு வரியாக எழுதினால் போதும். ஆனால் குறிப்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்திருக்க வேண்டும். அது இல்லாத பெட்டியில் 4 பீஸ் குறைந்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

எம் அளவும் எக்ஸ்எல் அளவும் ஒரே கையுறை என்று ஒரே குறியீட்டில் போட வேண்டாம். பெட்டியின் அளவு வேறு என்பதாலேயே அவை இரண்டு சரக்கு.

கணினி மென்பொருளில் பதிபவர்கள் ஒரு இடத்தில் தவறாமல் சறுக்குகிறார்கள். எடுத்துக்காட்டாக ERPNext-இல் சரக்கின் `Stock UOM` பீஸாக, அதாவது `Nos` ஆக இருந்தால், மற்ற எல்லா அலகுக்கும் `Conversion Factor` பீஸுக்கு நேராகக் கணக்கிடப்பட்டதாக இருக்க வேண்டும். பெட்டிக்கு 100, கார்ட்டனுக்கு 1000. "கார்ட்டனுக்குள் 10 பெட்டிதானே" என்று கார்ட்டனுக்கு 10 போட்டால், அது 10 பெட்டி என்று மென்பொருளுக்குத் தெரியாது. 10 பீஸ் என்றே எடுத்துக்கொள்ளும். அலகுகளுக்கான `UOM` பக்கத்தில் `Nos` அலகுக்கு `Must be Whole Number` என்பதைத் தெரிவுசெய்து வையுங்கள். பிறகு யாராவது 0.5 பீஸ் என்று பதிய முயன்றால் அது தடுக்கும். ஒருமுறை கொடுக்கல் வாங்கல் பதிந்தபின் `Stock UOM`-ஐ மாற்ற முடியாது. ஆகவே முதற்படியின் முடிவை எடுக்காமல் இந்தப் பக்கத்தைத் திறக்கவே கூடாது.

## மூன்றாம் படி: சரக்கு வரும்போது

பெரும்பாலான ஸ்டோர்களில் எக்செல் தாளே ஓடுகிறது. வரவுத் தாளின் நிரல்கள் இவை: A தேதி, B பில் எண், C கார்ட்டன், D கார்ட்டனுக்கு எத்தனை பெட்டி, E பெட்டிக்கு எத்தனை பீஸ், F மொத்தப் பீஸ், G பில்லின் மொத்தத் தொகை, H ஒரு பீஸின் விலை. கணக்கிடப்படும் நிரல்கள் இரண்டுதான். F, H முறையே:

```
=C2*D2*E2
=G2/F2
```

நம் தொழிற்சாலையில் மாதத் தொடக்கத்தில் மூன்று முழுப் பெட்டியும் திறந்த பெட்டியில் 46 பீஸும் இருந்தன: 346 பீஸ், பீஸ் 18 ரூபா வீதம் 6,228 ரூபா. இரண்டு கார்ட்டன் வருகிறது, ஒன்று 18,000 ரூபா. தாளில் 2, 10, 100 என்று பதிந்தால் 2,000 பீஸ், 36,000 ரூபா, பீஸ் 18 ரூபா. இருப்பு 2,346 பீஸ், 42,228 ரூபா.

D, E இரண்டையும் ஒவ்வொரு வரவு வரியிலும் கையால் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலர் இவற்றை ஒரு தனித் தாளில் சரக்குவாரியாக எழுதிவைத்து, `VLOOKUP` போட்டு இழுக்கிறார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஒருநாள் விற்பனையாளர் பொதியை மாற்றி, கார்ட்டனுக்கு 20 பெட்டி என்று அனுப்புகிறார். நீங்கள் அந்தத் தனித் தாளில் 10-ஐ 20 ஆக்குகிறீர்கள். அந்த நொடியில் போன மாதம் வந்த இரண்டு கார்ட்டனும் 4,000 பீஸாக மாறிவிடும். எதையும் தொடாமலே இருப்பு 2,000 ஏறும். பொதியின் அளவு சரக்குக்குச் சொந்தமானதல்ல, அந்த வரவுக்குச் சொந்தமானது. அதனால் அது அந்த வரவு வரியிலேயே நிரந்தரமாக உட்கார வேண்டும். மென்பொருளில் என்றால் `Carton 10`, `Carton 20` என்று உள்ளடக்கத்தைப் பெயரிலேயே வைத்து இரண்டு அலகுகளாகப் பதிவது நல்லது. "கார்ட்டன்" என்ற வெறும் பெயர் நாளைக்கு எதைக் குறிக்கும் என்று சொல்ல முடியாது.

எண்ணுவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். கார்ட்டனை எண்ணிக் கையொப்பம் வைத்துவிட்டு லொறியை அனுப்பக்கூடாது. ஒன்றைத் திறந்து உள்ளே இருக்கும் பெட்டிகளை எண்ணி, D நிரலில் எழுதப்போவது அதுதான் என்று உறுதிசெய்தபின் கையொப்பம். நாடா மேல் நாடா ஒட்டிய கார்ட்டன், நனைந்து மூலை நசிந்த கார்ட்டன் எல்லாம் முழுதாகத் திறக்கப்பட வேண்டியவை. பொதி குறைவாக வந்தால், 9 பெட்டிதான் இருக்கிறது என்றால், C-யில் 0.9 என்று எழுத வேண்டாம். தனி வரியாக C-யில் 1, D-யில் 9 என்று எழுதுங்கள். பில்லில் 10 பெட்டிக்குப் பணம் கேட்டிருப்பது அப்போது தானாகவே கண்ணில் படும், ஏனென்றால் H நிரலில் விலை 18 ஆக இராமல் 20 ஆக வரும்.

## நான்காம் படி: பெட்டியில் அடுக்குதல், பீஸாகக் கொடுத்தல்

மழைக்காலத்தில் மலைநாட்டு ஸ்டோர்களின் சீமெந்துத் தரை கசியும். தரையில் வைத்த கார்ட்டனின் அடி அட்டை ஈரத்தை இழுத்துத் தளர்ந்துவிடும். அதனால் கார்ட்டனைப் பிரித்து, பெட்டிகளை மரத் தட்டில், சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி விட்டு அடுக்குவதே நல்ல வழக்கம். கார்ட்டனைப் பிரிப்பது ஒரு கொடுக்கல் வாங்கல் அல்ல. பீஸ் கணக்கில் எதுவும் மாறாது, எதையும் பதியவும் தேவையில்லை. இருப்பைக் கார்ட்டனாகவும் பெட்டியாகவும் தனித்தனியே வைத்திருப்பவர்களோ ஒவ்வொரு தடவையும் "கார்ட்டன் கழிவு 1, பெட்டி வரவு 10" என்று எழுத வேண்டியிருக்கும். அதில் ஒரு வரி விட்டுப்போனாலே இரண்டு கணக்கும் பிழை.

தட்டில் கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் ஒரே ஒரு திறந்த பெட்டிதான் இருக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். புத்தகத்தில் 1,066 பீஸ் என்றால் தட்டில் 10 முழுப் பெட்டியும் திறந்த பெட்டியில் 66-உம் இருக்க வேண்டும். ஒரே பார்வையில் சரிபார்த்துவிடலாம். இரண்டு பெட்டி திறந்திருந்தால் 9 முழுப் பெட்டி, ஒன்றில் 88, மற்றதில் 78. மொத்தம் அதே 1,066தான், ஆனால் 166 கையுறையை எண்ணினால்தான் தெரியும். மீதியைப் பெட்டியும் பீஸுமாகக் காட்ட இந்த வரி போதும். இது வரவுத் தாள் அல்ல, மீதித் தாள்; இங்கே F2 மீதிப் பீஸ், E2 பெட்டியின் அளவு:

```
=INT(F2/E2)&" பெட்டி + "&MOD(F2,E2)&" பீஸ்"
```

பெட்டிக்கு 100, 90 என்று இரண்டு பொதியும் ஒரே சரக்கில் கலந்திருந்தால் இந்த வரி பொய் சொல்லும். அவற்றை வேறு சரக்காக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கொடுக்கும் இடத்தில் ஆபத்து வாயால் வருகிறது. பொதியிடும் பிரிவில் 16 பேர், ஆளுக்கு நாளைக்கு இரண்டு சோடி. காலையில் ஒருவர் வந்து, "அண்ணே, முப்பத்திரண்டு கையுறை குடுங்க" என்பார். அவர் மனதில் இருப்பது 32 சோடி. ஸ்டோர் கீப்பரும் 32 சோடியை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சிட்டையில் 32 என்று எழுதிவிடுகிறார். போனது 64 பீஸ். சிட்டையில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதாத வரியை ஏற்கக்கூடாது என்ற ஒரு விதியே இதற்கு மருந்து. அச்சிட்ட சிட்டையில் "பீஸ்" என்ற சொல்லை நிரலின் தலைப்பில் போட்டு, பக்கத்தில் "1 சோடி = 2 பீஸ்" என்றும் அச்சிட்டால் வருபவரும் பழகிக்கொள்வார்.

முழுப் பெட்டியாகக் கேட்டாலும் பதிவு பீஸில்தான்: "1 பெட்டி = 100 பீஸ்" என்று இரண்டையும் எழுதி, கழிக்கும் எண் 100 ஆக இருக்க வேண்டும்.

நாளைக்கு 64 வீதம் 20 வேலைநாளில் 1,280 பீஸ் போகிறது. மீதி 1,066 பீஸ், 18 ரூபா வீதம் 19,188 ரூபா.

## ஐந்தாம் படி: பொதி மாறும் நாள்

இப்போது அடுத்த கார்ட்டன் வருகிறது. வெளியே பார்த்தால் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். விலை 34,000 ரூபா. உள்ளே 20 பெட்டி.

சரியாகப் பதிந்தால் 1, 20, 100: 2,000 பீஸ், பீஸ் 17 ரூபா. இருப்பு 3,066 பீஸ், 53,188 ரூபா, சராசரி 17.3477 ரூபா.

பழக்கத்தில் D-யில் 10 என்று எழுதிவிட்டால் 1,000 பீஸ்தான் ஏறும். இருப்பு 2,066 பீஸ், தொகை அதே 53,188, சராசரி 25.74 ரூபா. பிழையை அன்றைக்கே பிடிக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு: H நிரல். போன தடவை 18 ஆக இருந்த பீஸ் விலை இப்போது 34. கையுறை விலை ஒரு மாதத்தில் இரட்டிக்காது. ஆகவே ஒவ்வொரு வரவிலும் புதிய பீஸ் விலையைப் பழைய பீஸ் விலையோடு ஒப்பிட வேண்டும். கார்ட்டன் விலையை ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. பில்லில் 18,000 இருந்த இடத்தில் 34,000 என்று பார்த்துவிட்டு "சாமான் விலை ஏறிவிட்டது" என்று நம்பிவிடுவோம், இலங்கையில் கடந்த சில வருடங்களைப் பார்த்தவர்கள் அதை நம்பத் தயங்கவும் மாட்டார்கள். உண்மையில் விலை ஒரு ரூபா குறைந்திருக்கிறது.

பிழையோடு ஐந்து நாள் ஓடியது என்று வையுங்கள். 320 பீஸ் கொடுத்தாயிற்று. பொதியிடும் பிரிவின் செலவில் ஏறியது சுமார் 8,238 ரூபா. ஏற வேண்டியது 5,551 ரூபா. சுமார் 2,687 ரூபா வீணாக அவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. மாத முடிவில் எண்ணும்போது புத்தகத்தில் 1,746, தட்டில் 2,746. ஆயிரம் கூடுதல்.

இங்கேதான் திருத்துவதிலும் தவறு நடக்கிறது. கூடுதலாகக் கிடைத்த 1,000 பீஸை 25.74 ரூபா வீதம் வரவாக எழுதினால், இருப்பின் பெறுமதி சுமார் 70,694 ரூபாவாகிவிடும். நாம் விற்பனையாளருக்குக் கொடுக்காத பணம் அது. பில்லின் தொகை தொடக்கத்திலிருந்தே சரி, எண்ணிக்கைதான் பிழை. எனவே எண்ணிக்கையில் மட்டும் +1,000 போட்டு, அந்த வரவு நாளிலிருந்து சராசரியைத் திரும்பக் கணக்கிட்டு, 320 பீஸின் செலவையும் 5,551 ஆகக் குறைக்க வேண்டும். அப்போது இருப்பு 2,746 பீஸ், சுமார் 47,637 ரூபா. பழைய வரியை அழித்து மேலே எழுத வேண்டாம். "இன்ன தேதி வரவு, கார்ட்டனுக்கு 10 என்று பதிந்தது, சரி 20, +1,000 பீஸ்" என்று புதிய வரியாகக் காரணத்தோடு எழுதுங்கள்.

கூடுதல் கிடைத்தால் யாரும் தேடுவதில்லை என்பது எங்கள் கவலை. குறைந்தால் எல்லோரும் ஓடுவார்கள். கூடினால் "பரவாயில்லை" என்று விட்டுவிடுவார்கள். அந்த ஆயிரம் கையுறையும் புத்தகத்தில் இல்லாத சரக்காகத் தட்டில் கிடக்கும். அதில் எத்தனை போனாலும் கணக்குக் கேட்க முடியாது.

விலையை வெட்டுவது பற்றியும் ஒரு சொல். சராசரியை 17.35 என்று வைத்துக்கொண்டு 3,066 பீஸையும் கொடுத்து முடித்தால் 53,195.10 ரூபா கழியும், இருந்ததோ 53,188. சரக்கு பூச்சியம், பெறுமதி மைனஸ் 7.10. தாளில் வெட்டிய விலையை வைத்துப் பெருக்காமல், மொத்தத் தொகையையும் மொத்தப் பீஸையும் வைத்து ஒவ்வொரு தடவையும் வகுத்தால் இந்தத் தொல்லை வராது. காட்டும்போது மட்டும் இரண்டு தசமம் போதும்.

## ஆறாம் படி: வித்தியாசத்தின் அளவே காரணத்தைச் சொல்லும்

மாத முடிவில் முழுப் பெட்டிகளை எண்ணி 100-ஆல் பெருக்கி, திறந்த பெட்டியில் இருப்பதைக் கூட்டுங்கள். புத்தகத்தோடு பொருந்தாவிட்டால், யாரையும் சந்தேகிக்குமுன் அந்த எண்ணை உற்றுப் பாருங்கள். அலகுப் பிழை விட்டுச்செல்லும் தடம் தனி.

சரியாக 99 குறைகிறதா? ஒரு பெட்டி கொடுத்து "1" என்று எழுதியிருக்கிறார்கள். 100 போயிற்று, 1 கழிந்தது. 198 என்றால் இரண்டு பெட்டி, 297 என்றால் மூன்று. 99-ஆல் மீதியின்றி வகுபடும் எந்தக் குறைவுக்கும் முதலில் கொடுப்புச் சிட்டைகளில் 1, 2, 3 என்ற சின்ன எண்களைத் தேடுங்கள். எக்ஸ்எல் பெட்டியானால் இதே பிழை 89 என்று வரும்.

ஒன்பதுகள் கூடுதல் பக்கம் வந்தால் வரவில் பிழை. ஒரு கார்ட்டனை "1" என்று பதிந்தால் 999 கூடுதல். பெட்டிக் கணக்கில் "10" என்று பதிந்தால் 990. ஒரு பெட்டியின் அளவையே கார்ட்டனுக்கும் போட்டு 100 என்று பதிந்தால் 900.

குறைவு, அந்த மாதம் கொடுத்ததாக எழுதிய எண்ணுக்குச் சமமாக இருந்தால் சோடிப் பிழை. 20 நாளும் 32 என்று எழுதியிருந்தால் புத்தகம் 640 கழித்திருக்கும், போனது 1,280, குறைவு 640. சில நாள் மட்டும் அப்படி எழுதியிருந்தால் குறைவு 32-இன் மடங்காக இருக்கும்.

100 அல்லது அதன் மடங்கு சரியாகக் குறைந்தால் அது பெரும்பாலும் பெருக்கல் பிழையல்ல. ஒரு முழுப் பெட்டி சிட்டையில்லாமல் போயிருக்கிறது. தோட்ட மருந்தகத்துக்கு அவசரமாக ஒரு பெட்டி கடன் கொடுத்தது நினைவுக்கு வரலாம். எக்ஸ்எல் பெட்டியை 100 என்று பதிந்த இடத்தில், திறந்து தீர்த்த பெட்டி ஒவ்வொன்றுக்கும் 10 குறையும். ஒன்று, இரண்டு, மூன்று என்ற சில்லறைக் குறைவு எடைப்படி அடைத்த பெட்டியின் இயல்பு.

இந்தக் கைரேகை பார்க்கும் முறைக்கும் எல்லை உண்டு. இரண்டு பிழை ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எண் கலங்கிவிடும். 990 கூடுதலும் 99 குறைவும் சேர்ந்து 891 கூடுதலாக நிற்கும்போது, 891 எதையும் நேராகச் சொல்லாது. (99-ஆல் வகுத்துப் பார்த்தால் 9 வரும், அது ஒரு குறிப்பு. ஆனால் ஒன்பது பெட்டி என்று தவறாக முடிவெடுக்கவும் கூடும்.) எண்ணும் இடைவெளி நீள நீளப் பிழைகள் கலப்பதும் கூடும். வேகமாக ஓடும் சரக்கை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணினால் ஒரே ஒரு பிழையோடு சந்திக்க வாய்ப்பு அதிகம்.

## ஏழாம் படி: பீஸில் கணக்கிட்டு, கார்ட்டனில் ஓடர் கொடுத்தல்

எப்போது வாங்குவது என்பதும் பீஸில்தான். நாளைக்கு 64. கொழும்பிலிருந்து சரக்கு வந்துசேர 10 வேலைநாள் என்றால் 640. அவிசாவளை – அட்டன் வீதியில் மண் சரிந்தால் லொறி நிற்கும், ஆகவே இன்னொரு ஐந்து நாளுக்கு 320. மீதி 960-ஐத் தொட்டதும் ஓடர் போக வேண்டும். 40 நாள் இருப்பு, அதாவது 2,560 பீஸ் வரை ஏற்ற நினைத்தால் தேவை 1,600. கார்ட்டனாக்க, மேல்நோக்கி முழுமைப்படுத்த வேண்டும்:

```
=ROUNDUP(1600/1000,0)
```

விடை 2. இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டாம். தேவை 1,040 என்றாலும் இதே வரி 2 என்றுதான் சொல்லும். 40 பீஸுக்காக ஒரு கார்ட்டன் வாங்கி, ஈர ஸ்டோரில் லேட்டக்ஸைப் பல வாரம் கிடக்கவிடுவதைவிட ஒரு கார்ட்டனோடு நிறுத்தி, அடுத்த ஓடரை ஒரு நாள் முன்னதாகப் போடுவது நல்லது.

ஓடர் தாளில் "2 கார்ட்டன்" என்று மட்டும் எழுதினால், 20 பெட்டிக் கார்ட்டன் அனுப்பும் விற்பனையாளர் 4,000 பீஸை இறக்கிவிட்டுப் போவார், அவர் மேல் குற்றமும் சொல்ல முடியாது. "லேட்டக்ஸ் கையுறை, எம் அளவு, 20 பெட்டி, பெட்டிக்கு 100 பீஸ், மொத்தம் 2,000 பீஸ்" என்று எழுதுங்கள். அவர் அதை இரண்டு கார்ட்டனில் அனுப்பலாம், ஒன்றில் அனுப்பலாம். விலையையும் பெட்டிக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். ஒருவர் கார்ட்டன் 18,000, இன்னொருவர் கார்ட்டன் 34,000 என்றால் முதலாமவர் மலிவு போலத் தெரிவார். பெட்டிக்குக் கேட்டால் 1,800, 1,700. லொறி வந்ததும் இந்த ஓடர் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கார்ட்டனைத் திறந்து பெட்டிகளை எண்ணி, D நிரலை நிரப்புங்கள்.